மேலாளருக்கு எழுதும் நன்றி ஐஸ் வைப்பதாகத் தெரிகிறதா?

"என் மேலாளருக்கு நன்றி சொல்லி ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். திரும்பப் படித்தால் ஜால்ரா அடிப்பது போல இருக்கிறது. அனுப்பும் முன் எப்படிச் சரிபார்ப்பது?"

ஒவ்வொரு வரியிலும் உங்கள் மேலாளரை எடுத்துவிட்டு, வேறு யாரோ ஒரு மேலாளரை வைத்துப் படியுங்கள். அப்படியும் வரி பொருந்தினால் சந்தேகம் அந்த வரியில்தான்.

நான் முன்பு எழுதிய ஒன்று: "உங்களைப் போன்ற தலைவர் கிடைத்தது என் பாக்கியம். உங்கள் வழிகாட்டுதல் இல்லாவிட்டால் நான் இல்லை. வாடிக்கையாளர் கூட்டத்துக்கு முந்தைய நாள் என் அறிக்கையைப் பார்த்துத் தந்ததற்கு நன்றி." முதல் இரண்டும் எந்த மேலாளருக்கும் போகும். அதிலும் இரண்டாவது பச்சைப் பொய். அவர் வருவதற்கு முன்பும் நான் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாவதில்தான் அவர் செய்த ஒரு காரியம் இருக்கிறது.

அதை மட்டும் வைத்துக்கொண்டு, அதனால் என்ன நடந்தது என்று சேர்த்தேன்: "செலவுக் கணக்கை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரச் சொன்னீர்கள். வாடிக்கையாளரின் முதல் கேள்வியே அதுதான், பதில் தயாராக இருந்தது." அவ்வளவுதான்.

இன்னொன்று: இதே உதவியைப் பக்கத்து இருக்கைக்காரர் செய்திருந்தால் இதே சொற்களை எழுதுவீர்களா? "சார்" போன்ற மரியாதை இருக்கட்டும், அது வழக்கம். கூடுதலாக வரும் புகழ்ச்சி பதவிக்குப் போகிறது.

அப்புறம், சம்பள உயர்வுப் பேச்சுக்கு முந்தின வாரம் அனுப்பினால், எவ்வளவு திருத்தினாலும் சந்தேகம் வரும். உதவி கிடைத்த மறுநாளே அனுப்பிவிடுங்கள்.