இரவில் ஒரு கோப்பை ஒயின்: அளவாகக் குடித்தாலும் புற்றுநோய் வருமா?

கேள்வி: எனக்கு வயது 44. ஐந்தாறு ஆண்டுகளாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கோப்பை சிவப்பு ஒயின் குடிக்கிறேன். 750 மில்லி பாட்டில் நான்கு நாட்களுக்கு வரும். ஒருநாளும் போதை ஏறியதில்லை. கல்லீரல் பரிசோதனை முடிவுகளும் சரியாக இருக்கின்றன. போன மாதம் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து பயமாக இருக்கிறது. இவ்வளவு குறைவாகக் குடித்தாலும் ஆபத்தா? சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?

பதில்: ஆபத்து உண்டு. அது எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். பாட்டிலின் கணக்கைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. "ஒரு கோப்பை" என்று மட்டும் எழுதியிருந்தால் என்னால் எதுவும் சொல்லியிருக்க முடியாது. ஒருவரின் கோப்பை 120 மில்லி பிடிக்கும், இன்னொருவருடையது 250 மில்லி பிடிக்கும்.

உங்கள் பாட்டிலின் லேபிளில் ஆல்கஹால் 13.5 சதவீதம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 750 மில்லியில் சுமார் 101 மில்லி சுத்த ஆல்கஹால். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது என்பதால் மில்லியை 0.79 ஆல் பெருக்கினால்தான் கிராம் கிடைக்கும்; 80 கிராம் வருகிறது. நான்கு இரவுகளுக்குப் பிரித்தால் இரவுக்கு 20 கிராம். அமெரிக்காவில் 'ஒரு பானம்' என்று கணக்கு வைப்பது 14 கிராம். ஆக, நீங்கள் ஒன்று என்று நினைத்துக் குடிப்பது கிட்டத்தட்ட ஒன்றரை. என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இந்த வித்தியாசம் இப்படித்தான் தெரியவருகிறது. வழக்கமாக ஊற்றும் அளவுக்குத் தண்ணீரை ஊற்றி, அதை அளவுக்குவளையில் கவிழ்த்துப் பாருங்கள்.

அடுத்தது ஆபத்தின் அளவு. அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவரான சர்ஜன் ஜெனரல் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் இதற்குத் தெளிவான எண்கள் இருக்கின்றன. வாரத்துக்கு ஒரு பானம்கூடக் குடிக்காத 100 பெண்களை எடுத்துக்கொண்டால், வாழ்நாளில் அவர்களில் சுமார் 11 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரும். தினம் ஒரு பானம் என்றால் அது 13 பேர். தினம் இரண்டு என்றால் 15 பேர். நீங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். அதாவது உங்களைப் போலக் குடிக்கும் 100 பேரில் கூடுதலாக இரண்டிலிருந்து நான்கு பேர். மற்றவர்களுக்கு இந்தக் குடியால் மார்பகப் புற்றுநோய் வராது என்பதும் உண்மை. அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே சொல்ல எந்தப் பரிசோதனையும் இல்லை என்பதும் உண்மை.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அந்த 11 என்பது எல்லாப் பெண்களுக்கும் சேர்த்து எடுத்த சராசரி. உடன்பிறந்த அக்காவுக்கு நோய் இருந்தால் தொடக்க ஆபத்தே ஏறக்குறைய இரு மடங்கு. ஆல்கஹாலின் பங்கு அந்த உயர்ந்த அடித்தளத்தின் மேல்தான் ஏறி உட்காருகிறது.

போதை ஏறவில்லை, கல்லீரல் நன்றாக இருக்கிறது என்பது ஏன் பாதுகாப்பு ஆகாது? இதைத்தான் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கல்லீரல் பரிசோதனை கல்லீரலைப் பற்றி மட்டுமே பேசும். குடித்த ஆல்கஹாலை உடல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது, பிறகுதான் தீங்கற்ற அசிட்டேட்டாக மாற்றுகிறது. நடுவில் வரும் அந்த அசிட்டால்டிஹைடுதான் வில்லங்கமானது. அது செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு அதைச் சிதைக்கும். சிதைந்ததைச் சீர்செய்யும் வேலையையும் கெடுக்கும். இது கல்லீரலில் மட்டும் நடப்பதில்லை. வாயில் வாழும் பாக்டீரியாக்களே ஆல்கஹாலை அசிட்டால்டிஹைடாக மாற்றிவிடுவதால், ஒரு வாய் குடித்ததும் எச்சிலில் அதன் அளவு ஏறிவிடுகிறது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவை ஆல்கஹால் புற்றுநோய்களின் பட்டியலில் இருப்பது இதனால்தான். கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் மற்ற மூன்று. மார்பகத்துக்குக் கூடுதலாக ஒரு வழி இருக்கிறது: ஆல்கஹால் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவைக் கூட்டுகிறது. மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை அந்த ஹார்மோனைத் தின்று வளர்பவை. குறைந்த அளவிலேயே ஆபத்து தெரியத் தொடங்கும் உறுப்புகளில் மார்பகமும் ஒன்று.

குடித்ததும் உங்கள் முகம் சிவந்து சூடாகிறதா என்று கவனியுங்கள். சிலருக்கு அசிட்டால்டிஹைடை அகற்றும் நொதி பிறவியிலேயே மந்தமாக இருக்கும். கிழக்கு ஆசியர்களிடம் இது அதிகம். இந்த நொதி மந்தமானவர்கள் குடிக்கும்போது உணவுக்குழாய்ப் புற்றுநோயின் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு. முகச் சிவப்பு "உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்பதன் நேரடி அடையாளம்.

ஒயினா, பீரா, விஸ்கியா என்பது இங்கே பொருட்டே இல்லை. மூன்றிலும் இருப்பது ஒரே எத்தனால். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988 இலேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. பிரிவு ஒன்றென்றால் சான்று உறுதியானது என்று பொருள். இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று பொருள் அல்ல. இந்த நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2023 ஜனவரியில் சொன்னது உங்களுக்கு நேராகப் பொருந்துகிறது: அந்தப் பகுதியில் ஆல்கஹாலால் வரும் புற்றுநோய்களில் பாதி, வாரம் ஒன்றரை லிட்டர் ஒயினுக்கும் குறைவான 'லேசான, மிதமான' குடியால் வருபவை. உங்கள் வாரக் கணக்கு 1.3 லிட்டர்.

இதயம் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். பழைய ஆய்வுகள் பலவற்றில் 'குடிக்காதவர்கள்' என்ற வரிசையில், உடல்நிலை கெட்டுக் குடியை விட்டவர்களும் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் நின்றால் அளவாகக் குடிப்பவர் ஆரோக்கியமாகத்தான் தெரிவார். அந்தக் குறையைச் சரிசெய்து பார்த்த ஆய்வுகளில் அந்த நன்மை பெரும்பாலும் கரைந்துவிட்டது. இதயத்துக்கு ஏதோ சிறு நன்மை மிஞ்சினாலும், அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் உள்ள ஒருவருக்கு அதை மருந்தாக நான் எழுதித்தர மாட்டேன்.

நிறுத்திவிட்டால் ஆபத்து குறையுமா? வாய், உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்குக் குறையும் என்பதற்குப் போதுமான சான்று இருக்கிறது. மார்பகத்துக்குச் சான்று இன்னும் அந்த அளவு வலுவாக இல்லை. ஆனால் நிறுத்திய அன்றே அசிட்டால்டிஹைடு உற்பத்தி நின்றுவிடும். என் யோசனை, நிறுத்திவிடுங்கள். மனம் வராவிட்டால் தினசரிப் பழக்கத்தை முதலில் உடையுங்கள்: வாரத்துக்கு ஒரு கோப்பை, அதுவும் 100 மில்லி என்றால், உங்கள் வார ஆல்கஹால் 140 கிராமிலிருந்து 11 கிராமுக்கு இறங்கிவிடும். வாரம் முழுவதும் விட்டுவிட்டு ஒரே இரவில் முழு பாட்டிலையும் காலி செய்வது அந்தக் கணக்கில் சேராது. உங்கள் அளவுக்கு நிறுத்துவதால் உடல் தொந்தரவு வராது. தினமும் மிக அதிகமாகக் குடிப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது.

இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். அக்காவுக்கு எந்த வயதில் நோய் கண்டறியப்பட்டது, மரபணுப் பரிசோதனை செய்தார்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள். உங்களுக்கு மேமோகிராம் எப்போது தொடங்குவது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எடுப்பது என்பதை அந்த இரண்டு பதில்களை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார்.