அந்தச் செவ்வாய்க்கிழமை யாருடையது?

*என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். காலாண்டு ரேங்க் கார்டை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். கணக்கில் மிட்டெர்முக்கு 38, இப்போது 41. மூன்று மார்க் ஏறித்தானே இருக்கிறது? மிஸ் குறைந்துவிட்டது என்கிறார். ஜூலை கடைசியிலிருந்து மாமியாருக்குக் காலில் சுகர் புண். செவ்வாய்தோறும் கட்டு மாற்ற ஸ்டான்லிக்கு இவள்தான் கூட்டிப்போவாள். வீட்டுக்காரர் ஹார்பரில் நைட் ஷிப்ட், செவ்வாய் அவருக்கு வீக்லி ஆஃப், பாவம் தூங்குவார். டியூஷன் சேர்க்கலாமா? பிள்ளை எப்படிப் படிக்கிறாள், பார்த்துச் சொல்லுங்கள்.*
*– ஒரு தாய், புது வண்ணாரப்பேட்டை*

அம்மா, மிஸ் சொன்னதுதான் சரி. மிட்டெர்ம் 50 மார்க்குக்கு நடந்தது, காலாண்டு 100 மார்க்குக்கு. கார்டில் பாடப் பெயர்களுக்கு மேலே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. 50-க்கு 38 என்றால் 100-க்கு 76. அங்கிருந்து 41-க்கு வந்திருக்கிறாள்.

மற்ற பாடங்களையும் இப்படியே இரட்டித்துப் பார்த்தேன். தமிழ் 84-இலிருந்து 82, அறிவியல் 72-இலிருந்து 66. ஆங்கிலமும் சமூக அறிவியலும் இரண்டு மூன்று மார்க்தான் இறங்கியிருக்கின்றன. படிக்காத பிள்ளைக்கு எல்லாமே சேர்ந்து சரியும். இவளுக்குக் கணக்கு ஒன்றுதான் விழுந்திருக்கிறது.

நீங்கள் பார்க்காமல் விட்டது கடைசி வரி. வருகை ஆகஸ்டில் 20 நாளுக்கு 16, செப்டம்பரில் 18 நாளுக்கு 15. ஏழு நாள் குறைகிறது. அந்த ஏழும் எந்தக் கிழமை என்று உங்கள் கடிதமே சொல்லிவிட்டது.

சமூக அறிவியல் வகுப்புக்குப் போகாவிட்டால் புத்தகத்தைப் படித்துச் சமாளிக்கலாம். கணக்கு அப்படி இல்லை. ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் தொகுமுறை வகுத்தல் என்று ஒரு முறை வருகிறது. போர்டில் ஒரு நாள் போட்டுக் காட்டுவார்கள். அடுத்த நாளே அதை வைத்துக் காரணிப்படுத்தச் சொல்வார்கள். செவ்வாய் வராத பிள்ளைக்குப் புதன், வியாழன் பாடமும் புரியாது.

இப்போது கேட்கிறேன். புண் யாருடைய அம்மாவின் காலில்? செவ்வாய் யாருக்கு லீவு, யாருக்குப் பள்ளிக்கூடம்? பெற்ற மகன் வீட்டில் தூங்க, பேத்தி புத்தகப்பையை வைத்துவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறாள். நைட் ஷிப்ட் கொடுமைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெற்றவளைப் பார்ப்பது மகனின் கடமை. அதைப் பதினான்கு வயதுப் பெண்ணின் தலையில் வைத்ததற்குப் பெயர் பாசம் இல்லை. அவரைக் கேட்காமலே "பாவம்" என்று முடிவு செய்தது நீங்கள்தான். இன்று ராத்திரி அவர் கிளம்பும் முன் கேளுங்கள். காலையில் அம்மாவைக் கூட்டிப்போய் வந்து மத்தியானம் தூங்கட்டும்.

வாராவாரம் அவரால் முடியாது என்றால், ஸ்டான்லி டாக்டரிடம் கேளுங்கள்: கட்டு மாற்றுவதை உங்கள் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்துகொள்ளலாமா, சீட்டில் எழுதித் தருவீர்களா என்று. சர்க்கரைப் புண் என்பதால் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் மாற்ற வேண்டும். சுகர் மாத்திரையை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அதே நிலையத்தில் பெயர் பதிந்துகொள்ளுங்கள்.

டியூஷன் இப்போது வேண்டாம். அங்கே இன்றைய பாடத்தைத்தான் நடத்துவார்கள், ஆகஸ்டில் விட்டது விட்டபடியே கிடக்கும். முதலில் திருத்திய கணக்கு விடைத்தாளைப் பாருங்கள். அப்புறம் கூடப் படிக்கும் பிள்ளையின் கணக்கு நோட்டை வாங்கி வரச் சொல்லுங்கள். நோட்டில் தேதி போட்டிருக்கும். அந்த ஏழு செவ்வாயிலும் என்ன நடத்தினார்கள் என்று ஒரு தாளில் எழுதட்டும். விடைத்தாளில் வெற்றாக விட்ட கணக்கும், இரண்டு வரி போட்டு நின்ற கணக்கும் அந்தப் பாடங்களோடும் அதற்கு அடுத்த நாள்களோடும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் சனிக்கிழமைக்கு இரண்டு செவ்வாய்ப் பாடம், நோட்டைப் பார்த்து முதலில் ஒருமுறை, மூடிவைத்து ஒருமுறை போடட்டும். நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு திங்கட்கிழமை மிஸ்ஸிடம் கேட்கட்டும். ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.

ஜூன், ஜூலை பாடத்திலும் தப்பு நிறைய இருந்தால் காரணம் வேறு. போர்டு கண்ணுக்குத் தெரிகிறதா என்று அவளைக் கேளுங்கள், கண்ணைப் பரிசோதியுங்கள், மிஸ்ஸை நேரில் பாருங்கள். இந்த இயற்கணிதம் இல்லாமல் பத்தாவது இயற்கணிதத்தைத் தொடவே முடியாது, அதனால் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

மகளிடம் நீங்களும் அவள் அப்பாவும் சேர்ந்து உட்கார்ந்து, "உனக்குக் கணக்கு வரவில்லை என்று நினைக்காதே, உன் பள்ளிக்கூட நாளை நாங்கள்தான் எடுத்துக்கொண்டோம்" என்று சொல்லுங்கள். அரையாண்டு ரேங்க் கார்டு வந்ததும் முதலில் வருகை வரியைப் பாருங்கள். அதிலும் செவ்வாய்கள் விட்டுப்போயிருந்தால், மார்க்கைப் பற்றி அவளை ஒரு வார்த்தை கேட்காதீர்கள்.