தாத்தா பாட்டிக்கு டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பாகங்களை வாங்கும் முன்பே எப்படிப் புரியவைப்பது?

கேள்வி: தாத்தாவுக்கு 74 வயது. கடிதம் எழுத, போட்டோ பார்க்க, வீடியோ காலில் பேரப்பிள்ளைகளுடன் பேச டெஸ்க்டாப் செட் வாங்கப் போகிறார். எது எதற்கு என்று தெரியாமல் வாங்க மாட்டேன் என்கிறார். அவருக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது?

பதில்:

என் பாட்டிக்கு இதே வேலையைச் செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். முதலில் திரையையும் பெட்டியையும் பிரித்துக் காட்டுங்கள். டிவி பார்த்துப் பழகியவர்களுக்குத் திரைதான் கம்ப்யூட்டர், கீழே இருக்கும் பெட்டி ஏதோ கரண்ட் சமாச்சாரம். உண்மை நேர்மாறானது. வேலை எல்லாம் பெட்டிக்குள் நடக்கிறது. மானிட்டர் அதைக் காட்டும் ஜன்னல் மட்டும்தான், அதற்குச் சொந்தமாக எதுவும் தெரியாது.

இதைச் சொல்லாமல் விட்டதன் பலனை நான் அனுபவித்தேன். வாங்கிய முதல் வாரம் பாட்டி தினமும் இரவில் மானிட்டர் பட்டனை அமுக்கிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டதாக நினைத்துத் தூங்கப் போயிருக்கிறார். பெட்டி விடிய விடிய ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு நாள் போன்: "செத்துப்போச்சுடா, No Signal-னு வருது." உண்மையில் அன்று திரை மட்டும்தான் விழித்திருந்தது. பெட்டியின் பட்டனை யாரும் அமுக்கவில்லை. அந்த எழுத்துகளைத் திரை காட்டுகிறது என்றால் திரை நன்றாக இருக்கிறது, பெட்டியிலிருந்து படம் வரவில்லை என்று அர்த்தம். பெட்டி அணைந்திருக்கும், இல்லையென்றால் இரண்டையும் இணைக்கும் கேபிள் கழன்றிருக்கும்.

பெட்டியைக் கடையில் பெரும்பாலும் சிபியு என்றே சொல்வார்கள். உண்மையான சிபியு, அதாவது பிராசசர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் அகலமான ஒரு சில்லு. பெட்டிக்குள் மதர்போர்டு என்ற பெரிய பலகை இருக்கும். எல்லாப் பாகங்களும் அதில்தான் செருகியிருக்கும். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை உள்ளே இருக்கும் பாகங்களுக்கு ஏற்ற மாதிரி குறைத்துத் தருவது எஸ்எம்பிஎஸ். இந்த இரண்டையும் பற்றி தாத்தாவுக்கு இவ்வளவு போதும். அவர் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டியவை பிராசசர், ராம், சேமிப்பு மூன்றும்தான். வாங்கும்போது ஏமாறுவதும் இந்த இடத்தில்தான்.

பாட்டி அலுவலகத்தில் வேலை பார்த்தவர் என்பதால் நான் அதையே பிடித்துக்கொண்டேன். ஒரு குமாஸ்தா இருக்கிறார், அவர் பிராசசர். அவருக்கு முன்னால் மேசை, அது ராம். பின்னால் ஃபைல்கள் அடுக்கிய அலமாரி, அது ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி. எந்த ஃபைலாக இருந்தாலும் அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் விரித்துவைத்துத்தான் வேலை பார்க்க முடியும். மேசை சின்னதாக இருந்தால் ஒன்றை உள்ளே வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை விரிக்க வேண்டும். வீடியோ காலும் பேசிக்கொண்டு, பக்கத்தில் போட்டோவும் திறந்தால் கம்ப்யூட்டர் திணறுவது இதனால்தான். குமாஸ்தா கெட்டிக்காரர்தான், மேசையில் இடம் இல்லை. தாத்தாவின் தேவைக்கு 8 ஜிபி ராம் தாராளம். 4 ஜிபியிலும் விண்டோஸ் 11 ஓடும், ஆனால் ஓடுவதைப் பார்க்கப் பொறுமை வேண்டும்.

இந்த மேசைக்கு ஒரு குணம் உண்டு. கரண்ட் போனால் அதன் மேல் இருந்ததெல்லாம் போய்விடும். அலமாரியில் வைத்தது மட்டும் பத்திரமாக இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும் கடிதம் மேசையில் இருக்கிறது, Ctrl + S அழுத்தினால்தான் அலமாரிக்குப் போகும். இதைச் சொன்னதும் பாட்டி கேட்டார்: "அப்போ அந்த யுபிஎஸ் எதுக்கு?" இதற்குத்தான். லேப்டாப்பில் இருக்கும் பேட்டரி டெஸ்க்டாப்பில் கிடையாது. யுபிஎஸ் சில நிமிடங்கள் தாக்குப்பிடிக்கும். அதற்குள் சேமித்துவிட்டு முறையாக அணைத்துவிடலாம். கரண்ட் வரும்வரை உட்கார்ந்து வேலை பார்க்க அல்ல.

அலமாரியில் இரண்டு வகை. ஹார்ட் டிஸ்க்கில் உள்ளே தட்டு சுழலும், பலவற்றில் நிமிடத்துக்கு 7200 சுற்று. ஒரு சின்னக் கை நகர்ந்து போய் வேண்டியதைத் தேடிப் படிக்கும். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை. ஒன்று கீழ்த்தளத்தில் இருக்கும் ரெக்கார்டு ரூம், ஆள் போய் எடுத்துவர வேண்டும். மற்றது கை எட்டும் தூரத்து அடுக்கு. விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கீழ்த்தளத்துக்குப் போய்வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப்பாருங்கள். பழைய கம்ப்யூட்டரில் பட்டனை அமுக்கிவிட்டு வேறு வேலை பார்க்கப் போன காலம் நமக்கு நினைவிருக்கும்.

இதில் எண் குழப்பும். 1 டிபி, அதாவது சுமார் 1000 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும், 256 ஜிபி எஸ்எஸ்டி இன்னொன்றிலும் என்று இரண்டு செட் இருந்தால் பெரிய எண்தான் நல்லது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். போனில் எடுக்கும் போட்டோ ஒன்று சுமார் 3 எம்பி என்று வைத்துக்கொள்வோம். 20,000 போட்டோவுக்கு 60 ஜிபி. விண்டோஸுக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் இன்னொரு 60 ஜிபி ஒதுக்கினாலும் பாதி அலமாரி காலியாகத்தான் இருக்கும். நிறைய வீடியோ சேர்ப்பவர் என்றால் மட்டும் கணக்கு மாறும். அப்போதும் விண்டோஸ் எஸ்எஸ்டியில்தான் இருக்க வேண்டும், வீடியோக்களுக்குத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் சேர்த்துக்கொள்ளலாம். (வாங்கிய பிறகு 256 ஜிபி எஸ்எஸ்டியை விண்டோஸ் 238 என்று காட்டும். யாரும் திருடவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபிக்கு நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார், விண்டோஸ் சுமார் 107 கோடி என்று எண்ணுகிறது.)

இனி குமாஸ்தா. பாட்டிக்குக் கிடைத்த முதல் கொட்டேஷன் சீட்டில் இப்படி இருந்தது: "ஐ5 பிராசசர், 8 ஜிபி ராம், 1 டிபி, 22 இன்ச் மானிட்டர், கீபோர்டு மவுஸ்." பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐ5 என்பது இன்டெல் நிறுவனத்தின் ஒரு பிராசசர் வரிசையின் பெயர், எந்த ஐ5 என்று சீட்டில் இல்லை. முழு எண்ணைக் கேட்டபோது i5-3470 என்றார்கள். கோடுக்கு அடுத்து வரும் 3 தான் தலைமுறை, அதாவது மூன்றாம் தலைமுறை, 2012-ல் வந்தது. i3-12100 என்று இருந்தால் பன்னிரண்டாம் தலைமுறை. பெயரில் ஐ3 என்றாலும் அந்தப் பழைய ஐ5-ஐவிட இது நன்றாகவே வேகமானது. வேகத்தை விடுங்கள், அந்தப் பழைய பிராசசர் விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்ட் பட்டியலிலேயே இல்லை. இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தகுதி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய பெட்டியைப் புதுப்பித்து விற்பதில் தப்பே இல்லை, ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். எண்ணின் கடைசியில் F என்று இருந்தால் அதில் படம் காட்டும் வசதி உள்ளடங்கி இருக்காது, தனி கிராபிக்ஸ் கார்டு போட வேண்டிவரும். தாத்தாவுக்கு அந்தச் செலவு தேவையில்லை, F இல்லாததைக் கேளுங்கள்.

அந்தச் சீட்டில் இல்லாதவைதான் எங்களை உண்மையில் மாட்டவைத்தவை. வீடியோ கால்தான் பாட்டியின் முதல் ஆசை. ஆனால் லேப்டாப்பைப் போல டெஸ்க்டாப்பில் கேமராவும் மைக்கும் கூடவே வருவதில்லை. யுஎஸ்பியில் செருகும் வெப்கேம் தனியாக வாங்க வேண்டும், அதிலேயே பெரும்பாலும் மைக் இருக்கும். பல மானிட்டர்களில் ஸ்பீக்கர் கிடையாது. பல மதர்போர்டுகளில் வைஃபையும் கிடையாது. மோடத்திலிருந்து கேபிள் இழுக்க வேண்டும், அல்லது யுஎஸ்பி வைஃபை துண்டு ஒன்று செருக வேண்டும். நாங்கள் இதையெல்லாம் கேட்காமல் வாங்கியதால், முதல் நாள் பளபளவென்று செட் தயார், பாட்டி தலை சீவி உட்கார்ந்துவிட்டார், எதிர்ப்பக்கம் இருந்தவர்களுக்கு அவர் தெரியவும் இல்லை, கேட்கவும் இல்லை.

சீட்டில் எழுதியது பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஓடும் கம்ப்யூட்டரில் Ctrl + Shift + Esc அழுத்துங்கள். திறக்கும் பலகையில் Performance பகுதிக்குப் போனால் பிராசசரின் முழுப் பெயர், ராம் எவ்வளவு, டிஸ்க் SSD-யா HDD-யா என்பதெல்லாம் இடப்பக்கப் பட்டியல் வழியாகத் தெரியும். அந்தப் பட்டியலில் Wi-Fi என்று ஒரு வரி வரவில்லை என்றால் பெட்டியில் வைஃபை இருக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். என் பாட்டிக்கு இந்தப் பலகை மிகவும் பிடித்துப்போனது. "குமாஸ்தா எவ்வளவு வேலை பார்க்கிறான்னு இதுல தெரியுமா?" என்று கேட்டு, கோடு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீபோர்டு, மவுஸ் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். கேபிள் உள்ளதாகவே வாங்குங்கள், பேட்டரி மாற்றும் வேலை மிச்சம். எழுத்து பெரிதாக அச்சிட்ட கீபோர்டு கிடைத்தால் நல்லது. மானிட்டரில் மட்டும் கண் பார்வையை யோசிக்க வேண்டும். 24 இன்ச், 1920 × 1080 புள்ளிகள் உள்ள திரை போதும். எழுத்து சின்னதாகத் தெரிந்தால் மானிட்டரை மாற்ற வேண்டியதில்லை. Settings-இல் Display-க்குள் Scale என்ற இடத்தில் 125% அல்லது 150% வைத்தால் எல்லாமே பெரிதாகிவிடும். கடையில் தாத்தாவை வழக்கமாக உட்காரும் தூரத்தில், தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்காரச் சொல்லி இதை மாற்றிக் காட்டுங்கள். பாட்டிக்கு 125 போதும் என்று நான் நினைத்தேன், அவர் 150-ல்தான் நிறுத்தினார்.