பழைய எண் 14

கேள்வி: எதிர் வீட்டுக்காரரோடு ரொம்ப நாள் பேசாமலே இருந்துவிட்டு, அப்புறம் பேச ஆரம்பித்தவர்கள் இருக்கிறீர்களா? எப்படி ஆரம்பித்தது?

ஒரு தெர்மோகோல் பெட்டியால் ஆரம்பித்தது. எதிர் வீட்டுப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர் எதுவும் வேண்டாம் என்றாள், அதனால் பெயர் இல்லை.

நாங்கள் பெரம்பூரில் ஒரு குறுகலான தெருவில் முதல் மாடியில் குடியிருக்கிறோம். சென்னையின் பழைய பகுதிகளில் இருப்பவர்களுக்கு இது தெரியும்: ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு எண். மாநகராட்சி புதிதாக எண் போட்டபோது பழைய எண்ணை யாரும் கைவிடவில்லை. மின்கட்டண அட்டையில் ஒன்று, ஆதாரில் இன்னொன்று என்று இரண்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கள் வீடு புதிய எண் 14. எதிர் வீடு புதிய எண் 19, பழைய எண் 14. தெருவுக்குப் புதிதாக வரும் டெலிவரி பையனிடம் ‘14’ என்று மட்டும் சொன்னால், வாசலில் பெரிதாகப் பெயின்ட்டில் 14 என்று எழுதியிருக்கும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவான். அவன்மேல் தப்பில்லை.

எதிரே கீழ் வீட்டில் ஒரு குடும்பம் 2022 தொடக்கத்தில் குடிவந்தது. கணவன், மனைவி, ஒரு பெண் குழந்தை. அவர்கள் வந்ததிலிருந்து தினமும் ராத்திரி மூன்று மணிக்கு அந்த வீட்டில் அலாரம் அடிக்கும். எங்கள் படுக்கையறை ஜன்னல் நேரே அவர்கள் ஜன்னலைப் பார்த்து இருக்கிறது. அலாரம் அடிக்கும், விளக்கு எரியும், பத்து நிமிடத்தில் அணையும். எனக்கு ஒருமுறை தூக்கம் கலைந்தால் விடியும்வரை வராது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் காலையில் பால் வாங்க இறங்கியபோது நேராகப் போய்க் கேட்டுவிட்டேன். “மூணு மணிக்கு எழுந்து அப்படி என்னம்மா பண்றீங்க? தெருவே எழுந்துக்கணுமா?” என்று, தெருவில் நாலு பேர் நிற்கும்போது, உரக்க. அவள் எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த ஜன்னலை வெயில் காலத்திலும் மூடியே வைத்தார்கள். அலாரச் சத்தம் நின்றது. எங்களுக்குள் இருந்த லேசான சிரிப்பும் நின்றது. ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போனது.

2023 மே மாதம், கத்திரி வெயில். அரைநாள் வேலை முடித்து மூன்று மணிக்கு வீடு திரும்பினேன். மாடிப்படிக்கு அடியில், பழுப்பு டேப் சுற்றிய ஒரு தெர்மோகோல் பெட்டி கிடந்தது. மேலே தெரியாத பெயர், ‘14’, எங்கள் தெரு. தொலைபேசி எண்ணில் பாதி இலக்கங்களை மறைத்திருந்தார்கள். ஓரத்தில் பனித்துளிப் படத்தோடு ‘2°C – 8°C’ என்று ஒரு ஒட்டு.

அந்த ஒட்டைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. என் அம்மா கடைசிப் பன்னிரண்டு வருடம் இன்சுலின் போட்டுக்கொண்டவர். மாதாமாதம் இதே ஒட்டுப் போட்ட பெட்டியைத்தான் கடையிலிருந்து ஓட்டமும் நடையுமாக நான் எடுத்து வருவேன்.

தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டின் இரண்டு எண்ணும் அவருக்குத்தான் மனப்பாடம். “பழைய பதினாலுங்க அது. உங்க எதிர் வீட்டு சார் பேரு” என்றார். எதிர் வீடு பூட்டியிருந்தது.

இன்னொருவர் பார்சலைப் பிரிக்கலாமா என்று கொஞ்ச நேரம் தயங்கினேன். பெட்டி மொத்தமாக ஃப்ரிட்ஜில் நுழையாது. அவர்கள் எப்போது வருவார்கள் என்றும் தெரியாது. எங்கள் மாடி மே மாதத்தில் அடுப்பு மாதிரி. சரி என்று டேப்பைக் கீறினேன். உள்ளே ஜெல் பைகள் முழுக்க உருகித் தொளதொளவென்று இருந்தன, ஆனாலும் தொட்டால் குளுமை இருந்தது. நடுவில் பேனாவில் போடும் இன்சுலின் குப்பிகள் இரண்டு பெட்டி.

அதை ஃப்ரிட்ஜின் நடுத் தட்டில், பின்சுவரில் படாமல் வைத்தேன். இதற்குக் காரணம் உண்டு. அம்மாவின் மருந்தை ஒருமுறை ஃப்ரீசருக்கு ஒட்டின தட்டில் வைத்து அது உறைந்துவிட்டது. பால் மாதிரி இருக்கிற வகை அது. கையில் உருட்டினால் ஒரே சீராகக் கலங்க வேண்டும். அன்றைக்குக் குருணை குருணையாக நின்றது. தெரியாமல் அதையே நாலு நாள் போட்டு, சர்க்கரை இறங்கவே இல்லை. சூட்டைவிட உறைவதுதான் இன்சுலினுக்கு மோசம், உறைந்ததை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது என்று டாக்டர் அப்போது சொன்னது மறக்கவில்லை.

ஒரு தாளில் எழுதி அவர்கள் கேட்டில் செருகினேன். முதலில் ‘உங்கள் இன்சுலின்’ என்று எழுதினேன். ஏனோ மனசு கேட்கவில்லை. அதைக் கிழித்துவிட்டு, ‘உங்கள் பார்சல் தவறி எங்களுக்கு வந்தது, குளிரில் வைத்திருக்கிறேன், எதிர் மாடி’ என்று வேறு தாளில் எழுதினேன்.

ஆறரை மணிக்கு அவள் படியேறி வந்தாள். கையில் அந்தத் தாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

“அக்கா, உள்ளே என்ன இருக்குன்னு பார்த்தீங்களா?”

“பார்த்தேன்மா. எங்க அம்மாவும் போட்டுக்கிட்டாங்க. யாருக்கு, சாருக்கா?”

அவள் திரும்பித் தெருவைப் பார்த்தாள். அங்கே அவள் மகள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒன்பது வயது.

“ரெண்டு வருஷமா” என்றாள். “யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. எங்க மாமியார் ஊருக்கே தெரியாது. பொண்ணு பாருங்க, நாளைக்குக் கல்யாணம்னு வரும்போது...” சொல்லிக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தாளில் மருந்தின் பெயர் இல்லை என்று பார்த்த பிறகுதான் அவளுக்கு மேலே வரத் தைரியம் வந்ததாம்.

குழந்தைக்கு வந்திருப்பது டைப் 1 சர்க்கரை. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வருவதுபோல் மாத்திரை, உணவுக் கட்டுப்பாட்டில் சமாளிக்கிற வகை இல்லை. உடம்பு இன்சுலின் சுரப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிடும். சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு வேளையும் ஒரு ஊசி, ராத்திரி நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசி ஒன்று. அம்மா, அப்பா செய்த தப்பினால் வருவதில்லை, இனிப்புத் தின்றதால் வருவதும் இல்லை. ஆனால் அதைத்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள் என்பதால் அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. “மூணு மணி அலாரம்...”

“தூக்கத்துல சுகர் இறங்கினா அவளுக்குச் சொல்லத் தெரியாதுக்கா. எழுப்பாம விரல்ல குத்திப் பார்த்துட்டுப் படுத்துப்பேன். நீங்க சொன்னதுக்கப்புறம் போனை வைப்ரேட்டுல போட்டுத் தலையணைக்கு அடியில வெச்சுக்கறேன். ரெண்டு நாள் எழுந்திருக்காமலே போயிட்டேன்.”

குறை சொல்லும் குரலில் அவள் இதைச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த இரண்டு நாளும் ஒன்றும் ஆகவில்லை என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அன்றைக்கே அவர்கள் டாக்டருக்குப் போன் செய்தாள். பெட்டிக்குள் குளுமை இருந்ததால் மருந்து வீணாகியிருக்க வாய்ப்புக் குறைவு, பிரித்த தேதியை எழுதி இதையே முதலில் தீர்த்துவிடுங்கள், வழக்கமான அளவுக்குச் சர்க்கரை இறங்கவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றார். சூட்டில் கெட்ட இன்சுலின் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம். அளந்து பார்க்கிற சர்க்கரைதான் காட்டிக் கொடுக்கும். நல்லவேளை, இறங்கியது. அப்புறம் முகவரியில் பழைய எண்ணை எடுத்துவிட்டு, ‘புதிய எண் 19, கீழ் வீடு, இஸ்திரி வண்டிக்கு எதிரில்’ என்று மாற்றினோம். அதன்பிறகு ஒரு பார்சலும் தவறவில்லை. இரட்டை எண் தெருக்களில் இருப்பவர்கள், முக்கியமாக மருந்து வரவழைப்பவர்கள், இதைச் செய்துவிடுங்கள்.

“ஜன்னலைத் திறந்து வை, அலாரத்தைச் சத்தமா வை” என்று சொல்லிவிட்டேன். மறுபடி மூன்று மணிக்கு அடிக்க ஆரம்பித்தது. நான் எழுந்து விளக்கு எரிவதைப் பார்ப்பேன், அணைவதைப் பார்ப்பேன், படுத்துக்கொள்வேன். தூக்கமும் வந்தது. சாயங்காலங்களில் குழந்தை மாடிக்கு வருவாள். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு என்று அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள், என் விரலிலேயே குத்திக் காட்டி.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. நாலாம் தேதி எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், அவர்கள் கீழ் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கணவர் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். நாங்கள் எல்லாருமாக அரிசி, துணி, புத்தகம், எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றினோம். மருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் வந்தது. கரண்ட் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை. ஆனால் மழைக் குளிரில் வீட்டுக்குள் வைத்தாலே போதுமாக இருந்தது. குழந்தை சாயங்காலம் முழுக்கப் படியேறி இறங்கிச் சாமான் தூக்கினாள். ராத்திரி அசதியில் சரியாகச் சாப்பிடவில்லை. பத்து மணிக்கெல்லாம் எங்கள் கூடத்தில் பாயை விரித்து அம்மாவும் மகளும் தூங்கிவிட்டார்கள்.

எனக்கு விழிப்பு வந்தது. இருட்டு, மழைச் சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தேன், சுவர்க் கடிகாரத்தில் மூன்று அடிக்க ஐந்து நிமிடம். கூடத்துக்குப் போய்க் குழந்தை நெற்றியில் கை வைத்தேன். அந்தக் குளிரில் வியர்த்து நனைந்திருந்தாள், கை சில்லென்று இருந்தது. அம்மாவை உலுக்கினேன். டார்ச் வெளிச்சத்தில் குத்திப் பார்த்தோம். 61. எழுபதுக்குக் கீழே போனால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்து, பிடித்து உட்காரவைத்துக் குடிக்க வைத்தோம். நினைவு தெளிவாக இருந்தது, விழுங்கினாள். அப்புறம் பதினைந்து நிமிடம் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடமும் இரண்டு பேரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 94. இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டுக் குழந்தை மறுபடி படுத்துக்கொண்டாள்.

அவள் தன் போனை எடுத்துப் பார்த்தாள். சார்ஜ் தீர்ந்து எப்போதோ அணைந்திருந்தது.

“அலாரமே அடிக்கலையேக்கா. நீங்க எப்படி எழுந்தீங்க?”

“மூணு மணி ஆச்சே” என்றேன்.