ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ் மைனஸ் மாறினால்: கேள்வி பதில்

காவேரிப்பட்டணத்திலிருந்து: ஐயா, பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது இரண்டு ஸ்பீக்கர்களையும் கழற்றி வைத்து, பிறகு மாட்டினோம். அதிலிருந்து பாட்டு மெலிந்து, குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. பாடுபவர் குரல் நடுவில் நிற்பதில்லை. பாஸ் குமிழை முழுவதும் திருப்பியும் பயனில்லை. ஆம்ப் பழுதாகிவிட்டதா?

ஆம்ப்பைத் திறக்க வேண்டாம். முதலில் பாலன்ஸ் குமிழை முழுக்க இடப்பக்கம் திருப்பி இடது ஸ்பீக்கரை மட்டும் கேளுங்கள், பிறகு வலதை மட்டும் கேளுங்கள். தனித்தனியே கேட்கும்போது இரண்டும் முன்போல நிறைவாக ஒலித்து, இரண்டும் சேரும்போது மட்டும் பாஸ் காணாமல் போனால், ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் ஒயரும் மைனஸ் ஒயரும் இடம் மாறியிருக்கின்றன என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஆம்ப் பழுதோ ஊஃபர் பழுதோ தனியே கேட்கும்போதும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நடப்பது இதுதான். பாட்டின் பாஸும் பாடுபவரின் குரலும் பெரும்பாலும் இரண்டு பக்கத்திலும் ஒரே அளவில் பதிவாகியிருக்கும். ஒயர் மாறிய நிலையில் ஒரு கோன் காற்றை முன்னே தள்ளும் அதே கணத்தில் மற்றது பின்னே இழுக்கிறது. 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 5.7 மீட்டர்; உங்கள் ஸ்பீக்கர்களுக்கு நடுவே இரண்டு மீட்டர்தான் இருக்கும் என்றால், அந்த ஒலிக்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவையே, ஆகவே ஒன்றின் அழுத்தத்தை மற்றது பெரும்பாலும் அழித்துவிடுகிறது. பாஸ் குமிழைத் திருப்பினால் இரண்டு பக்கமும் சேர்ந்து கூடுகின்றன, அழிவதும் அதே அளவில் கூடுகிறது. எனவே கோன்கள் அதிகமாக உழைக்கின்றனவே தவிர அறைக்கு ஒன்றும் வந்து சேர்வதில்லை. 1000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 34 சென்டிமீட்டர்தான் என்பதால், அந்த ஒலிகள் சுவர்களில் பட்டுத் திரும்பி, சில இடங்களில் அழிந்தும் சில இடங்களில் கூடியும் எஞ்சி நிற்கின்றன. அந்த எச்சத்தைத்தான் நீங்கள் மெலிந்த ஒலியாகக் கேட்கிறீர்கள். குரல் நடுவில் நிற்க வேண்டுமானால் இரு காதுகளுக்கும் ஒரே செய்தி ஒரே நேரத்தில் வர வேண்டும். இப்போது ஒன்றுக்கொன்று முரணான செய்தி வருவதால், குரலை எங்கே வைப்பது என்று மூளைக்குப் பிடிபடுவதில்லை.

சரிசெய்ய, ஆம்ப்பை அணைத்து மின்சாரத்திலிருந்தும் பிடுங்கிவிடுங்கள். ஒயரில் ஒரு இழையில் கோடோ எழுத்தோ மேடான வரம்போ இருக்கும், அல்லது ஒன்று செம்பு நிறமாகவும் மற்றது வெள்ளி நிறமாகவும் இருக்கும். ஆம்ப்பின் சிவப்பு முனையில் எந்த இழை செருகப்பட்டிருக்கிறதோ அதே இழை ஸ்பீக்கரின் சிவப்பு முனையிலும் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். மாறியிருக்கும் பக்கத்தில், ஒரு முனையில் மட்டும், இரண்டு இழைகளையும் இடம் மாற்றுங்கள். இரண்டு முனைகளிலும் மாற்றினால் பழைய நிலைக்கே வந்துவிடுவீர்கள். செம்புப் பிசிறு ஒன்றுகூடப் பக்கத்து முனையைத் தொடக்கூடாது. ஆம்ப்பின் அவுட்புட் ஐசி பெரும்பாலும் அப்படித்தான் போகிறது.

சரிபார்க்க, 1960களின் மோனோ பாட்டு ஒன்றைப் போட்டு நடுவில் அமர்ந்து கேளுங்கள். பாட்டு முழுவதும் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே ஒரே இடத்திலிருந்து வர வேண்டும்.

தருமபுரியிலிருந்து: நான் எலெக்ட்ரீஷியன். ஆம்ப்பிலிருந்து வருவது ஏசி. ஏசிக்கு ஏது பிளஸ், ஏது மைனஸ்? ஸ்பீக்கரில் எப்படி மாட்டினாலும் ஒன்றுதானே?

ஒரே ஒரு ஸ்பீக்கர் இருக்கும் வரை நீங்கள் சொல்வது நடைமுறையில் சரி. ஏசி என்றாலும் ஒவ்வொரு கணத்திலும் அதற்கு ஒரு திசை உண்டு. இரண்டு ஸ்பீக்கர்கள் ஒரே கணத்தில் ஒரே திசையில் அசைகின்றனவா என்பதே இங்கே கேள்வி. உங்கள் தொழிலிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு செகண்டரி சுற்றுகளைத் தொடராக இணைக்கும்போது, ஒன்றின் முனைகள் மாறிவிட்டால் வோல்டேஜ் கூடுவதற்குப் பதிலாகக் கழிந்துவிடுகிறது அல்லவா? அங்கேயும் ஓடுவது ஏசிதான்.

பென்னாகரத்திலிருந்து: அண்ணா, எனக்கும் இதே பிரச்சினைதான். போனிலிருந்து ஆக்ஸ் ஒயரில் பாட்டுப் போட்டால் இசை கேட்கிறது, பாடுபவர் குரல் மட்டும் அடியோடு இல்லை. ஸ்பீக்கர் ஒயரை மாற்றிப் பார்த்துவிட்டேன், மாற்றமில்லை.

உங்களுடையது வேறு பழுது, தம்பி. ஸ்பீக்கர் ஒயர் மாறியிருந்தால் குரல் கலைந்து பரவுமே தவிர அடியோடு மறையாது. ஒரு ஸ்பீக்கரின் அருகே காதை வைத்தால் தெளிவாகவே கேட்கும். ஒரே ஒரு ஸ்பீக்கரிலும் குரல் இல்லை என்றால், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான எர்த் ஒயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. அப்போது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே ஆம்ப்புக்குள் போகிறது, இரண்டிலும் பொதுவாக இருக்கும் குரல் கழிந்துவிடுகிறது. ஆண்ட்ராய்டு போன் என்றால் அணுகல்தன்மை அமைப்புகளில் `Mono audio` என்பதை இயக்கிப் பாருங்கள். பாட்டு முழுவதுமே ஏறக்குறைய நின்றுபோனால் பழுது எர்த்தில்தான். முதலில் ஜாக்கை முழுவதும் அழுத்திச் செருகிப் பாருங்கள். பின்னர் வேறு ஆக்ஸ் ஒயர் போட்டுப் பாருங்கள். இப்போது மாற்றிய ஸ்பீக்கர் ஒயரை மறக்காமல் பழையபடி திருப்பி மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எர்த் சரியானதும் மேலே சொன்ன பழுது வந்து சேரும்.

கிருஷ்ணகிரியிலிருந்து: ஒயர் இரண்டு பக்கமும் நிறம் பார்த்துச் சரியாகவே மாட்டியிருக்கிறேன். ஆனாலும் காவேரிப்பட்டணத்தார் சொன்ன அதே குறை இருக்கிறது. இடது பாக்ஸில் சென்ற மாதம் ஊஃபருக்குப் புதுக் கோன் போட்டு வாங்கினேன். வெளியே ஒயரை மாற்றினால் பாஸ் வருகிறது, ஆனால் குரல் இன்னும் ஏதோ போல் இருக்கிறது.

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள், கடைசியாகச் சொன்ன வரியிலேயே விடை இருக்கிறது. கோன் மாற்றியபோது ஊஃபரின் இரண்டு முனைகள் பாக்ஸுக்குள் மாறிவிட்டன. வெளியே ஒயரைத் திருப்பினால் ஊஃபர் வலது ஊஃபரோடு ஒத்துப்போகிறது, பாஸ் வருகிறது. ஆனால் அதே ஒயரில்தான் ட்வீட்டரும் இருக்கிறது. இதுவரை சரியாக இருந்த அது இப்போது தலைகீழாகிவிடுகிறது. ஊஃபர் விட்டு ட்வீட்டர் எடுத்துக்கொள்ளும் ஒலிப்பகுதியில் அந்தப் பாக்ஸின் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒத்துழைப்பதில்லை. குரலின் தெளிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது என்பதால் குறை குரலில் தெரிகிறது. ஆகவே வெளியே மாற்றிச் சமாளிக்காமல், வெளி ஒயரை முறைப்படி மாட்டிவிட்டு உள்ளே திருத்துங்கள்.

உறுதி செய்ய 1.5 வோல்ட் பென்சில் செல் ஒன்று போதும். ஆம்ப்பிலிருந்து பாக்ஸின் ஒயரை முற்றிலும் கழற்றிவிட்டு, செல்லின் பிளஸை பாக்ஸின் சிவப்பு முனையிலும் மைனஸைக் கறுப்பு முனையிலும் ஒரு கணம் மட்டும் தொட்டு எடுங்கள். வலது பாக்ஸின் கோன் வெளியே அசைந்து, இடது கோன் உள்ளே இழுத்தால் ஐயமில்லை. பிறகு ஊஃபரைக் கழற்றிப் பாருங்கள்: பல ஊஃபர்களில் பிளஸ் முனைத் தகடு அகலமாகவும் மைனஸ் தகடு குறுகலாகவும் இருக்கும், அல்லது பிளஸ் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். ஆனால் வாய்ஸ் காயிலிலேயே திருப்பிப் பற்றவைக்கப்பட்டிருந்தால் அந்தக் குறியை நம்ப முடியாது, செல் காட்டுவதையே நம்புங்கள். ஒன்பது வோல்ட் பேட்டரியை எடுக்க வேண்டாம், செல்லைப் பிடித்தபடி நிற்கவும் வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. உள்ளே பார்க்கும்போது ட்வீட்டரின் பிளஸ், மைனஸ் மாறியிருப்பதுபோல் தெரிந்தால், அதையும் சேர்த்துத் திருத்திவிடாதீர்கள். ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர்கள் சிலவற்றில் அதை வேண்டுமென்றே அப்படி இணைப்பார்கள். வலது பாக்ஸில் எப்படி இருக்கிறதோ அப்படியே இடதிலும் இருக்கட்டும்.

பாலக்கோட்டிலிருந்து: மைக் செட் வைத்திருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் மேடைக்கு இருபுறமும் இரண்டிரண்டு பாக்ஸ். நடு வரிசையில் பாஸ் இல்லை, ஓரத்தில் பரவாயில்லை. வால்யூம் ஏற்றினால் ட்வீட்டர் போகிறது.

இருபுறமும் ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் நீங்கள் சொல்வதுபோல் நடுவில்தான் அதிகம் தெரியும், ஏனெனில் இரண்டு பக்கத்து ஒலியும் சமமாக வந்து சேரும் இடம் அதுதான். அதைவிடக் கொடியது ஒரே பக்கத்தில் ஒட்டி நிற்கும் இரண்டு பாக்ஸ்களில் ஒன்று மாறியிருப்பது. அப்போது அந்தப் பக்கத்தின் பாஸ் மண்டபத்தில் எங்குமே இருக்காது. பாஸ் வரவில்லை என்று வால்யூமை ஏற்றும்போது ஆம்ப் தன் எல்லையைத் தாண்டி அலையை வெட்டிவிடுகிறது, அதில் உருவாகும் கூர்மையான ஒலிகள் ட்வீட்டரைச் சுட்டுவிடுகின்றன. இப்போது உங்களுக்கு வேண்டியது பெரிய ஆம்ப் அல்ல.

மண்டபத்துக்குப் போகும் முன் நான்கு பாக்ஸ்களையும் கடையிலேயே சோதியுங்கள். ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டு, மற்ற ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் ஒட்டி நிறுத்தி, இரண்டுக்கும் ஒரே மோனோ ஒலியைக் குறைந்த வால்யூமில் கொடுங்கள். பாஸ் கூடினால் சரி, செத்துப்போனால் அந்தப் பாக்ஸோ அதன் ஒயரோ மாறியிருக்கிறது. எது என்று அறிய, அதற்குப் பதிலாக வேறு நல்ல ஒயரைப் போட்டு மீண்டும் கேளுங்கள். என் கண்ணில் பட்டவரை, அவசரத்தில் வெட்டி முறுக்கி டேப் சுற்றிய நீட்டிப்பு ஒயர்களில்தான் இது அதிகம் நேர்கிறது.

ஊத்தங்கரையிலிருந்து: என் டிவியின் ஒலியும் மெலிந்துதான் இருக்கிறது. அதிலும் ஒயர் மாறியிருக்குமா?

வாங்கிய நாளிலிருந்தே அப்படி இருந்தால் இருக்காது. மெல்லிய டிவியில் பாஸ் தரும் அளவுக்கு ஸ்பீக்கருக்கு இடமில்லை. திடீரென்று ஒரு நாளில் மாறியிருந்தால், ஒலி அமைப்புகளில் சரவுண்ட் போன்ற ஏதாவது இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குரலைக் கலைத்துப் பரப்புவது அதன் வேலையே.

ஓசூரிலிருந்து: இரண்டு ஸ்பீக்கரிலும் சேர்த்தே மாறியிருந்தால் கெடுதல் உண்டா? ஒயர் மிச்சம் பிடிக்க இரண்டு மைனஸையும் ஒன்றாகச் சேர்த்து மூன்று ஒயரில் இழுக்கலாமா?

இரண்டும் சேர்ந்தே மாறியிருந்தால் கோன்கள் மறுபடி ஒரே திசையில் அசைகின்றன, குரல் நடுவில் நிற்கும், பாஸும் இருக்கும், எதுவும் எரியாது. ஆனாலும் மிருதங்கம், தவில் போன்றவற்றின் முதல் அடி காற்றைத் தள்ளுவதா இழுப்பதா என்பது காதுக்குத் தெரியும் என்று சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். பாட்டு கேட்கையில் எனக்கு அந்த வேறுபாடு பிடிபட்டதில்லை. அவர்கள் சொல்வதைப் பொய் என்று தள்ளவும் மாட்டேன். தனியாக சப்ஊஃபர் வைத்திருந்தால் மட்டும் இது உறுதியாகப் பொருட்படும், அதற்கும் பக்கத்து ஸ்பீக்கர்களுக்கும் இடையே அழிப்பு வரும். அதன் பின்னால் 0, 180 என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் இரண்டு நிலையிலும் கேட்டு, பாஸ் கூடுதலாக இருக்கும் நிலையில் விட்டுவிடுங்கள்.

மைனஸ்களைச் சேர்ப்பது வேண்டாம். பழைய ஆம்ப்கள் பலவற்றில் இரண்டு மைனஸும் எர்த்தாகவே இருந்ததால் அது செல்லுபடியானது. இப்போது கிடைக்கும் கிளாஸ் டி போர்டுகளிலும் கார் ஸ்டீரியோக்களிலும் பெரும்பாலானவை பிரிட்ஜ் முறையில் இயங்குகின்றன. அவற்றில் மைனஸ் முனையிலும் ஆம்ப் தன் ஒலியை ஓட்டுகிறது, இரண்டையும் சேர்த்தால் ஒரு சேனல் இன்னொரு சேனலோடு மோதும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியே இரண்டு இழை இழுங்கள், சுவருக்குள் பைப்பில் போடுவதாக இருந்தால் ஒரு இழையில் அடையாளம் உள்ள ஒயராகப் பார்த்து வாங்குங்கள்.