பேப்பர் எல்லாம் சரி, பணம் எங்கே? கல்வி உதவித்தொகை கேள்வி பதில்

உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சேலம் பக்கம் எல்லோர் போனிலும் சுற்றுகிற அந்தப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றொன்றாகத் தள்ளிப் பார்த்தால் முதலில் ஆவணங்கள், நடுவில் கடைசித் தேதி, முடிவில் நிராகரிக்கும் காரணங்கள். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில். கல்லூரி அலுவலகத்தில் எஸ்சி, எஸ்டி போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பார்த்தவன் நான். அதைத் தாண்டி எனக்கு அரைகுறைதான்.

ஏற்காடு மாணவி: படத்தில் இருந்த எல்லாம் கொடுத்தேன் அண்ணா. அப்ரூவ்டு என்று காட்டுகிறது. கூடப் படிக்கிறவளுக்குப் பணம் வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. பேங்கில் கேட்டால் ஆதார் இணைச்சாச்சு என்கிறார்கள்.

அந்தப் படங்களில் இல்லாத காரணம் இதுதான் தங்கச்சி, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பேங்க்காரர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்வது, உன் கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருக்கிறது என்பதை மட்டும். உதவித்தொகை வருகிற வழி வேறு. அரசு உன் ஆதார் எண்ணுக்குத்தான் பணம் அனுப்புகிறது. அந்த எண் எந்த பேங்குக்கு உரியது என்று, பேங்குகளுக்கு நடுவே பணம் மாற்றிவிடும் என்பிசிஐ என்ற அமைப்பு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஒரு ஆதாருக்கு அதில் ஒரே ஒரு பேங்க்தான் இருக்கும், கடைசியாக யார் பதிந்தார்களோ அவர்கள். இதைத்தான் சீடிங் என்கிறோம். விண்ணப்பத்தோடு நீ வைத்த பாஸ்புக் நகலுக்கு இந்த இடத்தில் வேலையே இல்லை.

நான் பார்த்த ஒரு பையன் கதை. கல்லூரியில் சேரும்போது ஊர் பேங்கில் கணக்கு ஆரம்பித்து சீடிங்கும் செய்துவிட்டான். நடுவில் பேருந்து நிலையத்தில் குடை போட்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் சிம் வாங்கப் போனான். கூடவே போனிலேயே ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தார்கள். அதில் அரசு மானியம் இந்தக் கணக்குக்கே வரட்டும் என்று ஒரு டிக் இருந்திருக்கிறது. படிக்காமல் போட்டுவிட்டான். சீடிங் அங்கே தாவியது. உதவித்தொகை அங்கே போய்ச் சேர்ந்து பல மாதம் கிடந்தது. இவனோ ஊர் பேங்கில் பாஸ்புக்கை என்ட்ரி போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பணம் தொலையவில்லை. தேடின இடம் தப்பு.

உனக்கும் இப்படித்தானா என்று நீயே பார்க்கலாம். myaadhaar.uidai.gov.in போய் ஆதார் எண், போனுக்கு வரும் ஓடிபி கொடுத்து உள்ளே நுழை. அங்கே Bank Seeding Status என்று ஒன்று இருக்கும். பேங்க் பெயரும், Active அல்லது Inactive என்ற வார்த்தையும் வரும். வேறு பேங்க் பெயர் வந்தால் முதலில் அந்தக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார். Inactive வந்தால் கிளைக்குப் போய், டிபிடி, அதாவது அரசு நேரடியாகக் கணக்கில் போடும் பணம், வாங்க என்பிசிஐ சீடிங் செய்யணும் என்று எழுதிக் கொடு. ஆதார் இணைக்கணும் என்று மட்டும் கேட்டால், இணைச்சாச்சு என்று மறுபடி திருப்பி அனுப்பிவிடுவார்கள். சில நாள் கழித்து அதே பக்கத்தை நீயே திரும்பப் பார்த்துக்கொள்.

ஓமலூர் அப்பா: பாப்பாவுக்கு எதுக்குங்க தனிக் கணக்கு? என் கணக்கு நம்பரே கொடுத்தால் போதாதா?

போதாதுங்க. பணம் பாப்பாவின் ஆதாரைப் பார்த்துத்தான் வரும். தபால்காரரிடம் சொன்னால் போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் கணக்கு வீட்டிலேயே ஆரம்பித்துத் தருவார். சீடிங் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

அம்மாபேட்டை: போன வருட வருமானச் சான்று செல்லுமா?

தேதி பாருங்கள். ஒரு வருடம் தாண்டியிருந்தால் புதுசு எடுங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

ஆத்தூர் ஆசிரியர்: எல்லாவற்றுக்கும் மூல காரணம் இனிஷியல்தான் சார். ஆதாரில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டுவிட்டால் பிரச்சினையே வராது. எங்கள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் மாற்றச் சொல்கிறோம்.

பாதி சரி சார். இனிஷியலால் விண்ணப்பம் நிற்கும், உண்மை. ஆனால் விரிப்பது மருந்து இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் KAVITHA M என்று இருக்கிறது, ஆதாரில் Kavitha என்று மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் ஆதாரை Kavitha Murugan ஆக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடுமா? புதுசாக ஒரு வித்தியாசம்தான் வரும். சான்றிதழில் எப்படியோ ஆதாரிலும் அப்படியே, புள்ளி, இடைவெளி, முன்னே பின்னே உட்பட. ஆதாரில் பெயர் மாற்ற வாழ்நாளில் இரண்டு தடவைதான் சாதாரணமாக விடுவார்கள். மொத்தப் பள்ளிக்கும் ஒன்றைச் செலவழிக்காதீர்கள்.

கொண்டலாம்பட்டி, இ-சேவை மையம்: ஆசிரியர் சொல்வதிலும் நியாயம் இருக்கு. நாளைக்கு பாஸ்போர்ட் என்று வரும்போது இனிஷியலை விரிக்கச் சொல்றாங்க. அப்போ மறுபடி எங்ககிட்டதான் வந்து நிக்கறாங்க.

அது நாளைக்கு. இன்றைக்குக் கட்ட வேண்டியது ஃபீஸ்.

ஆத்தூர் ஆசிரியர்: அப்போ பத்தாம் வகுப்புச் சான்றிதழிலேயே விரித்துப் போட்டால்? பெயர்ப் பட்டியல் பள்ளியிலிருந்துதானே போகிறது.

இது நல்ல கேள்வி. இனி பத்தாவது எழுதப் போகிறவர்களுக்கு ஆதாரையும் பட்டியலையும் இப்போதே ஒன்றாக்கலாம். விரித்தா, சுருக்கியா என்பதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், விடுங்கள். ஏற்கெனவே சான்றிதழ் கையில் இருக்கிற பிள்ளைக்கு நான் சொன்னதுதான்.

கொண்டலாம்பட்டி, இ-சேவை மையம்: பேங்க்கிலும் பெயர் ஒத்துப் போகணுமே, அதையும் சொல்லுங்க.

ஒத்திருந்தால் நல்லது. ஆனால் ஆதார் வழியாகப் பணம் வரும்போது வழி காட்டுவது எண்தான், பெயர் இல்லை. பெயர் தப்பென்றால் விண்ணப்பம் நிற்கும், சீடிங் தப்பென்றால் பணம் நிற்கும். அப்ரூவ்டு ஆன பிறகும் இனிஷியலை நோண்டிக்கொண்டிருப்பவர்களே, சீடிங்கைப் பாருங்கள்.

சங்ககிரி: அப்ரூவ்டு ஆகிடுச்சு, பணம் வரலை, என்ன பண்றது?

முதல் பதில்.

மேட்டூர்: சார் எனக்கும் அப்ரூவ்டுதான் காட்டுது...

முதல் பதிலைப் படியுங்கள் அய்யா. சீடிங் நிலையைப் பார்க்காமல் கேட்பவர்களுக்கு இனி பதில் இல்லை.

வாழப்பாடி அம்மா: என் பையனுக்குப் புதுமைப் பெண் பணம் வரவே இல்லைங்க.

பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் அம்மா, மாதம் 1,000. அது என் பிரிவு இல்லை, கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். அங்கேயும் சீடிங்கைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

நாகலூர்: சாதிச் சான்றுக்குத் தாசில்தார் என்று படத்தில் போட்டிருக்கு. நாங்க மலையாளி பழங்குடி.

எஸ்டிக்குத் தருவது ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர். படம் எஸ்சியை மனதில் வைத்துப் போட்டது. தாசில்தார் கையெழுத்து என்று அலையாதீர்கள்.

ஏற்காடு, இன்னொருவர்: கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி தேசிய உதவித்தொகைத் தளத்தில் அனுப்பினேன். டிஃபெக்டிவ் என்று வந்திருக்கு. படத்தில் போட்ட தேதி முடிஞ்சிருச்சு. அவ்வளவுதானா?

இல்லை. டிஃபெக்டிவ் என்றால் நிராகரிப்பு இல்லை, திருத்தித் தா என்று கல்லூரி திருப்பியது. படத்தில் இருந்தது விண்ணப்பிக்கும் கடைசித் தேதி மட்டும். திருத்தி அனுப்ப வேறு தேதி, கல்லூரி சரிபார்த்து முடிக்க வேறு தேதி. மூன்றும் தளத்தில் உங்கள் திட்டத்தின் பெயருக்கு எதிரே இருக்கும். உள்ளே நுழைந்து, திருப்பிய காரணத்தைக் கல்லூரி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். அதை மட்டும் திருத்தி மறுபடி சமர்ப்பித்துவிட்டு, மறுநாளே கல்லூரி அலுவலகத்தில் போய்ச் சொல்லுங்கள். நீங்கள் நேரத்துக்கு அனுப்பினாலும் அங்கே அவர்கள் பட்டனை அழுத்தவில்லை என்றால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும்.