கிளை திறப்பில் புராஜெக்ட், புரோகிராம், போர்ட்ஃபோலியோ

"காரைக்குடியில் இருக்கும் எங்கள் பலகார நிறுவனம் தேவகோட்டை, திருப்பத்தூர், பள்ளத்தூரில் கிளை திறக்கிறது. இதில் புராஜெக்ட், புரோகிராம், போர்ட்ஃபோலியோ எவை?"

வணக்கம் ஐயா. தேவகோட்டைக் கிளையைத் திறப்பது ஒரு புராஜெக்ட். கடையை நடத்துபவரிடம் ஒப்படைத்ததும் அது முடிந்துவிடும். மூன்று கிளைகளுக்கும் ஒரே சமையற்கூடம் பலகாரம் அனுப்புமானால், அதன் விரிவாக்கம் தாமதமாகும்போது மூன்று திறப்புகளுமே தள்ளிப்போகும். இந்தச் சார்புகளை ஒருங்கே நிர்வகித்து, தனித்தனியாகக் கிடைக்காத பலனைப் பெறுவதே புரோகிராம். கிளைதோறும் பொறுப்பாளர் இருந்தும் சமையற்கூடத்துக்கு எவரும் பொறுப்பேற்கவில்லையென்றால், அங்கே புரோகிராம் நிர்வாகம் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

போர்ட்ஃபோலியோ என்பது, இருக்கும் மூலதனத்தைக் கிளைகளில் போடுவதா, ஏற்றுமதியில் போடுவதா, புதிய இயந்திரங்களில் போடுவதா என்று முதலாளி தெரிவுசெய்யும் இடம். பள்ளத்தூர் வேலை ஒழுங்காக நடந்துகொண்டிருந்தாலும், ஏற்றுமதியே மேல் என்று கருதினால் அந்த வேலையை நிறுத்தும் முடிவு அங்கேதான் எடுக்கப்படும்.